வாசலோடு திருப்பி அனுப்புவது: அடிபட்டு வந்த பிரிட்ஜும் ரீஃபண்டும்

பெரிய சாமான் வீட்டுக்கு வருகிற நாளில் வாங்கியவர் கையில் இருக்கும் ஒரே பிடி, போனுக்கு வரும் அந்த ஓடிபிதான். பணம் முன்னமே போய்விட்டது, பில்லும் போட்டாயிற்று. நாலு இலக்க எண்ணைச் சொன்ன மறுகணமே, பொருள் நல்லபடியாகக் கைக்கு வந்து சேர்ந்தது என்று கம்பெனியின் கணக்கில் ஏறிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் காட்டும் ஒவ்வொரு நசுங்கலுக்கும், உங்கள் வீட்டில் பட்டதா வழியில் பட்டதா என்ற கேள்வி ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே முதல் பாடம்: பெட்டியைப் பிரித்து, பார்த்து முடித்த பிறகுதான் ஓடிபி.

இந்த அத்தியாயத்தில் பிரிட்ஜை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வாஷிங் மிஷினுக்கும் டி.வி.க்கும் இதே முறைதான். ஆனால் ஒரு சின்ன அடி கூடப் பெரிய செலவாக மாறும் என்பதை நம்ப வைப்பதில் பிரிட்ஜை மிஞ்ச ஒன்றுமில்லை.

பக்கத் தகட்டில் சொட்டை விழுந்தால் என்ன?

டெலிவரிக்கு வரும் தம்பிகள் வழக்கமாகச் சொல்வது: "லேசான சொட்டைதான், சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சிட்டா யாருக்கும் தெரியாது." பழைய பிரிட்ஜ் என்றால் இது பாதி உண்மை. அதில் வெப்பத்தை வெளியே விடும் கருப்புக் கம்பிவலை பின்பக்கம் தனியாகத் தெரியும். இப்போது வரும் பல மாடல்களில் அந்தக் குழாய் பக்கவாட்டுத் தகட்டின் உள்பக்கம் ஒட்டி ஓடுகிறது. ஓடுகிற பிரிட்ஜின் பக்கத்தில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறதே, அது அந்தக் குழாயின் சூடுதான். தகட்டுக்கும் உள்தொட்டிக்கும் நடுவே ஃபோம் நிரப்பி இறுகியிருக்கும். தகடு உள்வாங்கினால் குழாய் நசுங்கலாம், வளைவில் மயிரிழை விரிசல் விடலாம்.

அப்படி விரிசல் விட்டால் அன்றைக்கே தெரியாது. கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சில வாரம் ஐஸ் கட்டும், பிறகு பால் திரிய ஆரம்பிக்கும். வாரண்டியில் கூப்பிட்டால் வருகிற மெக்கானிக் முதலில் பார்ப்பது அந்தச் சொட்டையைத்தான். வெளி அடியால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது என்று வாரண்டி அட்டையிலேயே போட்டிருப்பார்கள். ஃபோமுக்குள் புதைந்த குழாயைப் பிரித்து ஒட்டவைப்பதும் எளிதல்ல. சுவர்ப் பக்கம் திருப்பி மறைத்த சொட்டை கடைசியில் உங்கள் செலவில் வந்து நிற்கும்.

"பிளக்கைப் போட்டுப் பாருங்க, ஓடுதுல்ல?" என்பது இன்னொரு வாதம். இதற்கு மசிய வேண்டாம். லைட் எரிவதும் கம்ப்ரசர் உறுமுவதும் மட்டும் சோதனையாகாது. வண்டியில் சாய்த்துக் கொண்டு வந்திருந்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்க்குள் ஏறியிருக்கும், அது இறங்கச் சில மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகே பிளக் போட வேண்டும். உள்ளே குளிர் பிடிக்க அதற்கு மேலும் நேரம் ஆகும். வாசலில் நிற்கிற ஆள் அவ்வளவு நேரம் காத்திருக்கப் போவதில்லை. மேலும், இன்றைய வீட்டு பிரிட்ஜுகளில் பெரும்பாலும் இருக்கும் ஆர்600ஏ என்கிற கேஸ் தீப்பற்றக்கூடியது. அளவு கொஞ்சம்தான், பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் அடிபட்டதென்று கண்ணுக்குத் தெரிகிற பிரிட்ஜுக்கு மின்சாரம் கொடுத்துப் பரிசோதிப்பது நம் வேலை இல்லை.

எங்கே, எப்படிப் பார்ப்பது

கீழ்த்தளத்திலேயே, வண்டிப் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். மாடிக்கு ஏற்றிய பிறகு பிரித்தால், படிக்கட்டில் இடித்தது என்று சொல்ல வழி பிறந்துவிடும். ஏற்றியதற்கும் மறுபடி இறக்குவதற்கும் கூலிப் பேச்சு வேறு வரும்.

முதலில் பெட்டி. அட்டை கிழிந்திருப்பதோ அழுக்காக இருப்பதோ மட்டும் மறுக்கக் காரணமாகாது. நாலு கை மாறி வருகிற சாமான் அது. கவனிக்க வேண்டியவை வேறு: ஒரு மூலை மட்டும் உள்வாங்கி நசுங்கியிருப்பது, தூக்கும் எந்திரத்தின் பல் குத்திய ஓட்டை, கட்டியிருந்த பட்டை அறுந்து அதன் தடம் மட்டும் இருப்பது, கம்பெனி டேப்புக்கு மேல் வேறு நிற டேப் ஒட்டியிருப்பது, அடியில் எண்ணெய்க் கறை. அடித் தெர்மோகோலில் எண்ணெய் ஊறியிருந்தால், மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருந்தாலும் ஏற்காதீர்கள். அந்த எண்ணெய் கம்ப்ரசர் சுற்றிலிருந்து வந்தது.

பெட்டியை எடுத்ததும் நேராக நின்று பார்த்தால் சொட்டை கண்ணுக்குப் படாது. பளபளப்பான தகட்டில், அதுவும் நண்பகல் வெயிலில், கைநீள நசுங்கல்கூட மறைந்துவிடும். போன் டார்ச்சைத் தகட்டை ஒட்டினாற்போலப் பிடித்து, வெளிச்சம் தகட்டின் மேல் படர்ந்து போகிற மாதிரி கீழிருந்து மேலாக நகர்த்துங்கள். பள்ளம் இருக்கிற இடத்தில் நிழல் விழும். கதவில் தெரியும் ஜன்னல் கம்பியின் பிம்பம் நேராக ஓடாமல் ஓரிடத்தில் வளைந்தால் அங்கேயும் பள்ளம் இருக்கிறது. பிறகு பின்பக்கக் கீழ்ப்பகுதி: கம்ப்ரசரிலிருந்து வரும் மெல்லிய செப்புக் குழாய்கள் மடங்கியிருக்கின்றனவா, அடித்தகடு வளைந்திருக்கிறதா, நாலு காலும் தரையில் படுகின்றனவா. கடைசியாகக் கதவு: மூடிவிட்டு மேல் விளிம்பைப் பாருங்கள், ஒரு பக்கம் தொங்கினால் கீல் வளைந்திருக்கிறது.

இதற்கெல்லாம் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்கு டெலிவரி ஆள் முகம் சுளிப்பார். அவருக்கு அன்று இன்னும் எத்தனையோ வீடு பாக்கி இருக்கும். அவரைக் குற்றவாளியாக நடத்தாதீர்கள், அடித்தது அவராக இருக்க வாய்ப்பு குறைவு. தண்ணீர் கொடுத்து, "நீங்க பண்ணதுன்னு சொல்லல தம்பி, பாத்துட்டுத்தான் வாங்குவேன்" என்று சொன்னால் பாதி இறுக்கம் தளர்ந்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. சில கம்பெனிகள், பெட்டியை எங்கள் டெக்னீஷியன் வந்துதான் பிரிப்பார், நீங்கள் பிரித்தால் பொறுப்பில்லை என்று நிபந்தனை போடுகின்றன. அப்போது வெளித்தோற்றம் மட்டுமே உங்களுக்குச் சாட்சி. மூலை நசுங்கி உள்தெர்மோகோல் உடைந்தது தெரிந்தாலோ, ஓட்டை விழுந்திருந்தாலோ, பிரிக்காமலே மறுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. அவ்வளவு மோசமில்லை என்றால் சலானில் பெட்டியின் நிலையைக் குறிப்பெழுதி வாங்கிவையுங்கள், பிரிக்காதீர்கள். அன்றைக்கே இன்ஸ்டலேஷனுக்குப் பதிவு செய்யுங்கள். திருப்பித் தரும் கெடு பெரும்பாலும் டெலிவரி நாளிலிருந்து ஓடுமே தவிர, டெக்னீஷியன் வந்த நாளிலிருந்து ஓடாது. அவர் பிரிக்கும்போது வீடியோ எடுத்து, அடி இருந்தால் அவருடைய ஜாப் ஷீட்டில், வரும்போதே பழுது என்று எழுதி வாங்கி, ஒரு பிரதியைக் கேளுங்கள். வாயால் "கம்பெனிக்குச் சொல்லிடறேன் சார்" என்பதோடு அவரை அனுப்பிவிட்டால் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

ஒரு சனிக்கிழமை, பாளையங்கோட்டை

ஓர் உதாரணத்தை முழுக்க நடத்திப் பார்ப்போம். பாளையங்கோட்டையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் ஓர் ஆசிரியை, ஆன்லைனில் இரண்டு கதவு பிரிட்ஜ் வாங்குகிறார். விலை 27,490 ரூபாய். பழைய பிரிட்ஜுக்கு 2,000 கழித்து 25,490 ரூபாயை கிரெடிட் கார்டில் கட்டிவிட்டார். 2025 ஜூன் 14, காலை 11.40க்கு வண்டி வருகிறது.

வண்டியிலிருந்து இறங்கிய இருவரில் ஒருவர் பழைய பிரிட்ஜை இறக்க மாடிக்குப் போகப் பார்க்கிறார். ஆசிரியை தடுக்கிறார். இது மிக முக்கியமான இடம். எக்ஸ்சேஞ்ச் போட்ட வீடுகளில் பழையதை முதலில் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பிறகு புதியதில் அடி கண்டால், வேண்டாமென்று சொல்ல மனம் வராது. வீட்டில் பால் வைக்கவே இடமில்லாமல் போகுமே! பழையது வண்டி ஏறிவிட்டால் உங்கள் பிடி பாதி போய்விட்டது.

"மேல ஏத்திட்டே பிரிச்சுக்கலாம்க்கா."

"இல்ல தம்பி, இங்கனயே பிரிங்க. பாத்துட்டு ஏத்துவோம்."

அவர் போனில் வீடியோவை ஆரம்பிக்கிறார். இங்கே அவர் செய்ததை அப்படியே பின்பற்றலாம். வண்டி எண்ணிலிருந்து தொடங்கி, பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளுக்கு வருகிறார். ஆர்டர் எண்ணும் தன் பெயரும் படிக்கிற அளவுக்குத் தெளிவாகும் வரை அங்கே நிற்கிறார். பிறகு பெட்டியைச் சுற்றி ஒரு வலம், நசுங்கிய கீழ் மூலையில் கொஞ்சம் நிதானம். பட்டை வெட்டுவது முதல் பெட்டி வெளியே வருவது வரை நிறுத்தவே இல்லை. இடையில் நிறுத்தி மறுபடி தொடங்கினால், அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்ற கேள்வி எழும். "பெட்டியைத்தான் எடுக்கேன், உங்க மூஞ்சிய இல்ல" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டதால் தம்பிகளும் முரண்டு பிடிக்கவில்லை.

இடது பக்கத் தகட்டில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உள்ளங்கை நீளத்துக்குப் பள்ளம். பெட்டியின் நசுங்கிய மூலையும் சரியாக அங்கேதான் வருகிறது. இந்தப் பொருத்தம் வீடியோவில் தெரிவது நூறு வார்த்தைக்குச் சமம், ஏனென்றால் அடி பெட்டிக்குள் இருந்தபோதே பட்டது என்பதை அது சொல்லிவிடுகிறது. டெய்லர் டேப்பைப் பள்ளத்தின் பக்கத்தில் பிடித்துப் படம் எடுக்கிறார்: 11 செ.மீ. டார்ச்சைப் பக்கவாட்டில் காட்டி இன்னொரு படம். ஃபிளாஷ் போட்டு நேராக எடுத்ததில் வெறும் வெள்ளை ஒளிதான் வந்தது. பிறகு பெட்டியின் மேலும் பிரிட்ஜின் உள்சுவரிலும் ஒட்டியிருக்கும் மாடல், சீரியல் எண்களையும் எடுத்துக்கொள்கிறார். சீரியல் எண் இல்லாத படம் எந்த பிரிட்ஜின் படமாகவும் இருக்கலாம்.

"இது வேணாம் தம்பி, திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"கஸ்டமர் கேர்ல சொன்னா வேற குடுத்துருவாங்கக்கா. இப்ப ஓடிபி மட்டும் சொல்லுங்க."

"எடுக்கலைன்னா எதுக்கு ஓடிபி?"

"ரிட்டர்ன் போடவும் ஓடிபி வேணும்ல."

இது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சில கம்பெனிகளில் திருப்பி அனுப்புவதற்கும் தனி ஓடிபி வரும். ஆனால் எது எதற்கு என்று அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே எழுதியிருக்கும். டெலிவரிக்கானதா, ரத்துக்கானதா, திருப்பி அனுப்புவதற்கானதா என்று ஒரு வரி வாசித்துவிட்டுச் சொல்லுங்கள். ஆசிரியைக்கு வந்தது டெலிவரிக்கான ஓடிபி. ஆகவே சொல்லவில்லை.

அடுத்து, அந்தத் தம்பி கையில் இருக்கும் கருவி. மறுப்புக்குக் காரணம் எது என்று அவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாடிக்கையாளர் வேண்டாம் என்றார், வீட்டில் ஆள் இல்லை, பொருள் சேதம் என்று பட்டியல் இருக்கும். எளிதாகக் கைக்கு வருவதை அழுத்திவிட்டுப் போவது சகஜம். வீட்டில் ஆள் இல்லை என்று பதிந்தால் அதே அடிபட்ட பிரிட்ஜ் இரண்டு நாளில் மறுபடி வாசலில் நிற்கும். வாடிக்கையாளர் வேண்டாம் என்றார் என்று பதிந்தால், நீங்களாக மனம் மாறி ரத்து செய்ததாகக் கணக்கு வரும். சேதம் என்று போடச் சொல்லிக் கேட்டு, முடிந்தால் அந்தத் திரையையும் ஒரு படம் எடுங்கள். மறுத்தால் சண்டை போட வேண்டாம், நீங்கள் கேட்டதும் அவர் மறுத்ததும் வீடியோவில் குரலாகப் பதிந்திருந்தாலே போதும்.

காகிதச் சலான் இருந்தால் அதில் கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள்: "பெட்டி பிரித்துப் பார்க்கப்பட்டது. இடது பக்கத் தகட்டில் நசுங்கல். பொருள் ஏற்கப்படவில்லை. 14-6-2025, காலை 11.55." அதன் கீழே கையெழுத்து. சேதம் இருக்கிறது என்று மட்டும் எழுதிவிட்டு, ஏற்கவில்லை என்பதை எழுதாமல் விடுவது வழக்கமான பிழை. சேதத்தோடு ஏற்றுக்கொண்டார் என்று அதை வாசித்துவிடலாம். எழுதிய சலானைப் படம் எடுத்த பிறகே கையில் கொடுங்கள்.

வண்டி கிளம்பும்போது பிரிட்ஜ் வண்டியில் இருப்பதையும் ஆசிரியை படம் எடுத்துக்கொண்டார். அடுக்குமாடியில் இது அவசியம். மறுத்த சாமானை வாட்ச்மேனிடம் இறக்கிவிட்டு, அவரிடமே கையெழுத்து வாங்கிப் போகும் கதைகள் உண்டு. வாட்ச்மேன் அண்ணனிடம் முன்னமே, "என் பேர்ல பெரிய சாமான் வந்தா கையெழுத்துப் போடாதீங்க" என்று சொல்லி வைப்பது நல்லது. அப்படியும் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டால் கலங்க வேண்டாம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி, மறுக்கும் உரிமையோடு மறுத்தவர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பொருளைத் திருப்பி அனுப்பக் கடமைப்பட்டவர் அல்ல. ஏற்கவில்லை என்று விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும். ஆனால் அந்தப் பொருளைப் பயன்படுத்தக் கூடாது. மாற்று வரும் வரை ஓடட்டுமே என்று பிளக்கைச் செருகினால், நீங்கள் ஏற்றுக்கொண்டதற்கு அதுவே அத்தாட்சியாகிவிடும். தெரிவிக்காமல் நாள் கடத்துவதும் அப்படித்தான்.

அன்று மாலைக்குள் எழுத்தில்

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசியதற்கு மறுநாள் சாட்சி இருக்காது. பேசுங்கள், புகார் எண்ணை வாங்குங்கள். ஆனால் அன்றைக்கே மின்னஞ்சலிலோ ஆப்பின் புகார்ப் பெட்டியிலோ எழுத்தில் போய்ச் சேர வேண்டும். ஆசிரியை அனுப்பியது இது:

"ஆர்டர் எண் …, மாடல் …, சீரியல் எண் …. இன்று 14-6-2025 காலை 11.40க்கு வந்த பிரிட்ஜ் என் வீட்டு வாசலில் டெலிவரி ஊழியர்கள் முன்னிலையில் பிரிக்கப்பட்டது. பெட்டியின் இடது கீழ் மூலை நசுங்கி, உள்ளே தெர்மோகோல் உடைந்திருந்தது. அதே இடத்தில் பிரிட்ஜின் பக்கத் தகட்டில் 11 செ.மீ. நீள நசுங்கல் உள்ளது. பொருளை நான் ஏற்கவில்லை, டெலிவரி ஓடிபி தரவில்லை. வந்த வண்டியிலேயே பொருள் திரும்பிச் சென்றது. பழைய பிரிட்ஜை நான் ஒப்படைக்கவில்லை. இது என் விருப்பத்தால் செய்த ரத்து அல்ல, சேதமடைந்த பொருளை மறுத்தது. மாற்றுப் பொருள் வேண்டாம். நான் செலுத்திய 25,490 ரூபாய் முழுவதையும் பிடித்தமின்றி அதே கார்டுக்குத் திருப்பித் தரவும். வீடியோவும் ஆறு படங்களும் இணைத்துள்ளேன்."

கோபம் இல்லை, வருணனை இல்லை. எதிர்முனையில் வாசிக்கிறவர் முடிவெடுக்கத் தேவையான அத்தனையும் இருக்கிறது. மாற்றுப் பொருளா, பணமா என்பதை நீங்களே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு வசதியானதை, அதாவது மாற்றுப் பொருளை, அவர்களே பதிந்துவிடுவார்கள். ஒரு யதார்த்தத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள்: தள்ளுபடி நாளில் வாங்கியிருந்தால், பணத்தைத் திரும்ப வாங்கிய பிறகு அதே விலைக்கு அதே மாடல் கிடைக்காமல் போகலாம். அந்த மாடல்தான் வேண்டும் என்றால் மாற்றுப் பொருள் கேட்பதில் தவறில்லை.

படங்களையும் வீடியோவையும் வாட்ஸ்ஆப்பில் வெறுமனே அனுப்பினால் அளவு சுருங்கும், எடுத்த தேதி நேரம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், மூலக் கோப்பைப் போனில் அழிக்காமல் வையுங்கள், ஒரு நகலை வேறிடத்திலும் வையுங்கள். நுகர்வோர் ஆணையம் வரை போக நேர்ந்தால், பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023-இன் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் கேட்கப்படலாம். எந்தக் கருவியில் எடுத்தது என்பதை அதில் சொல்ல வேண்டும். பணம் வந்து சேரும் முன் அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

பணம் வரும் வழி

ஆசிரியையின் ஆப்பில் திங்கள்கிழமை, உங்கள் விருப்பப்படி ஆர்டர் ரத்து செய்யப்பட்டது என்று வந்தது. கூடவே, டெலிவரிக் கட்டணம் கழித்த தொகை. எதிர்பார்த்ததுதான். அவர் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. சனிக்கிழமை அனுப்பிய அதே கடிதத்தின் கீழ், "இது நான் செய்த ரத்து அல்ல, காரணத்தைத் திருத்தி முழுத் தொகையைத் தரவும்" என்று இரண்டு வரி சேர்த்து, இந்த முறை குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்பினார்.

அந்த அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் ஒவ்வொரு ஆன்லைன் கம்பெனியும் தன் தளத்தில் போட்டாக வேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்வது அது. புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ, கட்டிய பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. கடிதத்தில் இந்த விதியை ஒரு வரியில் சொல்லிவிட்டால் பதிலின் தொனியே மாறிவிடும். அக்கம்பக்கத்துக் கடையில் நேரில் வாங்கியதற்கு இந்த மின்வணிக விதிகள் பொருந்தாது. அங்கே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது அது. விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம்.

பணம் அனுப்பிவிட்டோம் என்று சொல்லியும் கணக்கில் வராவிட்டால், கார்டு என்றால் ஏஆர்என், யுபிஐ என்றால் யுடிஆர் எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் வங்கி தேட முடியும். எண்ணைத் தர முடியவில்லை என்றால் பணம் இன்னும் கிளம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஈஎம்ஐயில் வாங்கியவர்கள் பணம் திரும்பியதோடு விட்டுவிடாமல், தவணையும் ரத்தானதா என்று வங்கியிடம் தனியாக உறுதி செய்யுங்கள். பிராசசிங் கட்டணம் போன்றவை திரும்பாமல் போகலாம், அதைச் சேதத்தால் வந்த நஷ்டமாக விற்றவரிடம் கேட்கலாம். கிரெடிட் கார்டுக்காரர்களுக்கு இன்னொரு வழி: மறுத்த பொருளுக்குப் பணம் வரவில்லை என்று வங்கியிடமே தகராறு பதிவது. அதற்குக் கெடு உண்டு என்பதால் விற்றவரின் வாக்குறுதிகளை நம்பி மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஒரு மாதம் கடந்தும் அசையவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை, புகாரைக் கம்பெனியிடம் கொண்டுபோய்ப் பதில் வாங்கித் தருவார்கள். பெரிய கம்பெனிகள் பல இந்தக் கட்டத்தில் இறங்கி வந்துவிடுகின்றன.

அதற்கும் மசியாதவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் பெங்களூருக்கோ மும்பைக்கோ போக வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். e-jagriti.gov.in வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ஆய்வகப் பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட அதிகமாகவே இழுக்கும். 25,490 ரூபாய்க்காக அத்தனை நாள் அலைவதா என்று தோன்றுவது இயல்புதான். வாசலிலேயே மறுத்து, வீடியோவும் சலானும் அன்றைய கடிதமும் வைத்திருப்பவருக்கு விசாரணையில் நிரூபிக்க வேண்டியது கொஞ்சம்தான். ஓடிபி சொல்லிவிட்டு மூன்றாம் நாள் சொட்டையைக் கண்டவர்தான் திணறுவார்.

ஆசிரியைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதியபின், ரத்துக்கான காரணம் பொருள் சேதம் என்று திருத்தப்பட்டு, கழித்த டெலிவரிக் கட்டணமும் சேர்ந்து கார்டுக்கு வந்தது. எக்ஸ்சேஞ்ச் கழிவு 2,000 மட்டும் வரவில்லை, வரவும் கூடாது. பழைய பிரிட்ஜ் மாடியில் அதன் இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.